வாடகைக்கு விட வீடு வாங்கறீங்களா? கிராஸ் யீல்டு, நெட் யீல்டு பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் கையில கொஞ்சம் காசு சேந்துச்சுன்னா மொதல்ல வர்ற ரோசனை "ஒரு சின்ன வீடா வாங்கிப் போட்டு வாடகைக்கு விட்றலாம்"ங்கறது தான். ஒறம்பரை வீட்டு விசேசத்துக்குப் போனாலும் சரி, ஆபீஸ்ல வரிக் கணக்கு எழுதிக்க வர்றவங்களும் சரி, திரும்பத் திரும்ப இதே சந்தேகத்தைத் தான் கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரு எடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மொதல் கேள்வியில இருந்து படிச்சீங்கன்னா ஒரே வீட்டோட கணக்கு தொடர்ச்சியா வரும், நடுவுல இருந்து படிச்சா கொஞ்சம் கொழம்பும்.

1. அண்ணா, கிராஸ் யீல்டு நெட் யீல்டுன்னு சொல்றாங்களே, ரெண்டுக்கும் என்னங்ண்ணா வித்தியாசம்?

ஒரு வருச வாடகைய வீட்டு விலையால வகுத்து நூறால பெருக்குனா வர்றது கிராஸ் யீல்டு. அதுல எந்தச் செலவும் கழிக்கறதில்ல, வீடு ஒரு நாள் கூட காலியா இருக்காதுன்னு வெச்சுக்கறது. நெட் யீல்டுல மேல இருக்கற நம்பரும் மாறும் கீழ இருக்கற நம்பரும் மாறும். மேல, நெசமா கைக்கு வந்த வாடகையில இருந்து வீட்டுக்கு நீங்க பண்ணுன செலவு போக மிச்சம். கீழ, வீட்டு விலை மட்டும் இல்லாம அந்த வீடு உங்க கைக்கு வந்து வாடகைக்கு விடற நெலமைக்கு வர்ற வரைக்கும் ஆன மொத்தப் பணம்.

நெறைய பேரு மேல மட்டும் கழிச்சுட்டு கீழ அப்படியே விட்டர்றாங்க, அதும் அரைக் கணக்கு தானுங்க. மட்டையோட தேங்காய எடை போட்ட மாதிரி தான் கிராஸ், தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அந்த எடைக்குக் காசு குடுக்கக் கூடாது.

2. புரோக்கர் 4 பர்சன்ட் வரும்னு அடிச்சு சொல்றாருங்க. நம்பலாமா?

அவர் பொய் சொல்லலைங்க, கிராஸ் சொல்றார். இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்த வெச்சுக்கலாம். கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு பழைய அபார்ட்மென்ட்ல 850 சதுர அடி, ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், ரீசேல். விலை 42 லட்சம். வாடகை மெயின்டெனன்ஸ் சேத்து மாசம் 14,000. நம்பர் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்டது, உங்க ஏரியாவுக்கு உங்க நம்பர மாத்திப் போட்டுக்கங்க.

மாசம் 14,000 அப்படின்னா வருசத்துக்கு 1,68,000. அத 42,00,000 ஆல வகுத்தா சரியா 4 சதவீதம். புரோக்கர் சொல்ற 4 இது தான். ஒரே தெருவுல நாலு வீட்ட ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு கிராஸ் நல்லா உதவும், ரெண்டு நிமிசத்துல போட்டர்லாம். பேங்க் எஃப்டியோட ஒப்பிட மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க, எஃப்டிக்கு யாரும் பெயின்ட் அடிக்கறதில்ல.

3. 42 லட்சத்துக்கு வாங்குனா 42 லட்சத்தால தானுங்க வகுக்கணும், வேற எதால வகுக்கறது?

உங்க கையில இருந்து போனது 42 லட்சத்தோட நிக்காது. தமிழ்நாட்டுல ரீசேல் வீட்டுக்கு ஸ்டாம்ப் டூட்டி 7 சதவீதம், ரெஜிஸ்ட்ரேசன் ஃபீஸ் 2 சதவீதம், ஆக 9. 2023 ஏப்ரலுக்கு முன்னாடி ரெஜிஸ்ட்ரேசன் ஃபீஸ் 4 இருந்துச்சு, அத 2 ஆக்குனப்பவே அரசாங்கம் எடத்துக்குக் குறிச்சு வெச்சிருக்கற கைடுலைன் வேல்யூவ ஏத்திட்டாங்க. பத்திரத்துல எழுதற விலை, கைடுலைன் வேல்யூ, ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்குத் தான் இந்த 9 சதவீதம். நம்ம உதாரணத்துல முழு விலையும் பத்திரத்துல வருதுன்னு வெச்சா 3,78,000.

அதோட புரோக்கருக்கு 1 சதவீதம், 42,000. வக்கீல் ஒப்பீனியன், வில்லங்கம் போட்டுப் பாக்கறது, பத்திரம் எழுதற கூலி எல்லாம் சேத்து 15,000. அப்பறம் பழைய வீடு, அப்படியே வாடகைக்கு விட முடியாது, பெயின்ட், கொசுவலை, கீசர், பாத்ரூம் டேப் மாத்தறது, கதவு பூட்டு, இதுக்கு ஒரு 65,000. எல்லாம் கூட்டுனா மேல் செலவு மட்டும் 5 லட்சம், மொத்தம் 47 லட்சம். வகுக்க வேண்டியது இந்த 47ஆல.

பில்டர்கிட்ட நேரா வாங்கற புது ஃபிளாட்டுக்கு மொத விற்பனைக்கு ஸ்டாம்ப் டூட்டி சலுகை இருக்குது, அதனால இந்த 9 அப்படியே வராது. ஆனா கட்டிட்டு இருக்கறப்பவே வாங்குனா ஜிஎஸ்டி வரும், கார் பார்க்கிங், ஈபி டெபாசிட், கார்பஸ் ஃபண்டுன்னு தனித்தனியா கேப்பாங்க, கடைசியில கீழ் நம்பர் பெருசா கொறையாது. வீடு முடியற வரைக்கும் வாடகையும் வராதுங்கறதையும் மறந்தராதீங்க.

4. கோயமுத்தூர்ல வீடு காலியா இருக்குமாங்க? போர்டு மாட்டுனா ஒரு வாரத்துல ஆள் வந்துரும்!

ஆள் வந்துரும், சரி. ஆனா பழைய டெனன்ட் காலி பண்ணறாரு, அதுக்கப்பறம் தான் செவுத்துல ஆணி அடிச்ச ஓட்டை, சிங்க் அடியில ஊறல், கிச்சன் சிம்னி எண்ணெய் எல்லாம் தெரியும். பெயின்டர் நாளைக்கு வரேன்னு சொல்லி நாலு நாள் கழிச்சு வருவாரு. புது ஆள் வந்து பாத்து, புடிச்சு, "ஆடி முடிஞ்சு வர்றோம்ங்க"ன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல ஆடி, மார்கழி ரெண்டு மாசமும் வீடு குடி போறவங்க கம்மி, ஆனி கடைசியில காலி ஆன வீடு ஆவணி வரைக்கும் பூட்டியே கெடக்கறது சகஜம். ஸ்கூல் அட்மிசன் நேரத்துல, அதாவது ஏப்ரல் மே மாசத்துல காலி ஆனா சீக்கிரம் ஆள் கெடைக்கும்.

ஒரு டெனன்ட் ரெண்டு வருசம் இருந்து, மாறும்போது ஒன்றரை மாசத்துல இருந்து ரெண்டு மாசம் காலின்னா, வருசத்துக்கு சராசரியா முக்கா மாசத்துல இருந்து ஒரு மாசம். நான் ஒரு மாசம்னு போடறேன். அப்ப கைக்கு வர்ற வாடகை 1,68,000 இல்ல, 1,54,000.

5. செலவுன்னா வீட்டு வரி தானுங்களே, அது என்ன பெரிய காசு?

வீட்டு வரி சின்ன செலவு தானுங்க. கார்ப்பரேசன்ல அரை வருசத்துக்கு ஒருக்கா கட்டறது, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் மொத மாசத்துக்குள்ள கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி குடுக்கறாங்க. நம்ம உதாரணத்துக்கு அரை வருசம் 2,400, ஆக வருசம் 4,800. தண்ணி வரி, குப்பை வரின்னு ஒரு 1,200. மொத்தம் 6,000.

பெரிய செலவு அசோசியேசன் மெயின்டெனன்ஸ். மாசம் 1,500, வருசம் 18,000. நம்ம 14,000 வாடகை மெயின்டெனன்ஸ் சேத்துன்னு சொன்னேன் இல்லீங்களா, அதனால இது நம்ம பாக்கெட்ல இருந்து போகுது, வீடு காலியா இருக்கற மாசத்துக்கும் கட்டியே ஆகணும். அடுத்து ரிப்பேர், வருசத்துக்கு 12,000. இது வருசா வருசம் ஒரே மாதிரி வராது, ஒரு வருசம் ஒரு ஃபிளஷ் டேங்க்கோட முடிஞ்சுரும், அடுத்த வருசம் மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகி நம்ம சீலிங் பேந்து, மேல் வீட்டுக்காரரோட ஓரியாட்டம் வேற போட்டு, ஒரே அடியா 30,000 போகும். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா முழு பெயின்டிங் 50,000 ஆகும்னா வருசத்துக்கு 10,000னு எடுத்து வெக்கணும். டெனன்ட் மாறும்போது புரோக்கருக்கு அரை மாச வாடகை 7,000, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கான்னா வருசம் 3,500. இன்சூரன்ஸ் போட்டா 1,500.

எல்லாம் கூட்டுனா 51,000. இதுல வீட்டு வரியும் தண்ணி, குப்பை வரியும் சேந்து வெறும் 6,000. வருசா வருசம் பில்லு வர்ற செலவ எல்லாரும் எழுதறாங்க, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வர்ற பெயின்டிங்கையும் எப்ப வரும்னே தெரியாத ஒழுகலையும் யாரும் எழுதறதில்ல. வாங்கறதுக்கு முன்னாடி போட்ட கணக்குக்கும் பொறகு நடக்கறதுக்கும் வித்தியாசம் வர்றது பெரும்பாலும் இங்க தான்.

6. கொழப்பாம ஒரே எடத்துல சொல்லுங்க சார், கடைசியா எவ்வளவு நிக்கும்?

கைக்கு வந்த வாடகை 1,54,000. செலவு 51,000. மிச்சம் 1,03,000. அத 47,00,000 ஆல வகுத்தா 2.19 சதவீதம்.

கிராஸ் 4, நெட் 2.2. கிட்டத்தட்ட பாதி. கீழ் நம்பர மாத்தாம 42 லட்சத்தாலயே வகுத்திருந்தா 2.45 வந்திருக்கும், 3-ஆவது கேள்வியில அவ்வளவு நேரம் பேசுனது இந்தக் கால் சதவீதத்துக்காகத் தான். பாக்கறதுக்கு சின்னதா தெரியும், ஆனா வர்றதே ரெண்டேகால்னா அதுல கால் போறது பெருசு தானுங்க.

7. எங்க அபார்ட்மென்ட்ல மெயின்டெனன்ஸ டெனன்ட்டே கட்டிக்குவாங்க. அப்ப நெட்டு எச்சா வரும்ல?

டெனன்ட் எப்பவும் மொத்தமா எவ்வளவு ஆகுதுன்னு தான் பாப்பாரு. 14,000 சேத்துக் கட்டற வீட்டுக்கு, மெயின்டெனன்ஸ் தனின்னா 12,500 தான் வாடகை குடுப்பாரு. அப்ப கிராஸ் 4ல இருந்து 3.57க்கு எறங்கும், நெட்டு மட்டும் அப்படியே இருக்கும், காலி மாசத்து 1,500 எப்படியும் உங்க தலையில தான்.

அதனால ரெண்டு வீட்ட ஒப்பிடும்போது ஒண்ணு மெயின்டெனன்ஸ் சேத்து வாடகை, இன்னொண்ணு சேக்காம வாடகைன்னா கிராஸ ஒப்பிடவே கூடாது. வெளம்பரத்துல வர்ற வாடகை பெரும்பாலும் எது பெருசா தெரியுதோ அது தான்.

8. அஞ்சு மாச அட்வான்ஸ் வாங்கறோமே, அத சேக்கலையா? லீசுக்கு விட்டா எப்படிங்க கணக்கு?

அட்வான்ஸ் உங்க வருமானம் இல்ல, திருப்பிக் குடுக்க வேண்டிய காசு. அத பேங்க்ல போட்டு வர்ற வட்டி மட்டும் தான் உங்களது. 70,000 அட்வான்ஸுக்கு எஃப்டி 6.5 சதவீதம்னு வெச்சா வருசம் 4,550, நெட்டுல 0.1 சதவீதம் ஏறும். அத வண்டி வாங்கச் செலவு பண்ணிட்டீங்கன்னா அதும் இல்ல, டெனன்ட் காலி பண்ணும்போது தேடி ஓடணும்.

லீசுன்னா மாச வாடகையே கெடையாது, மொத்தமா ஒரு தொகை வாங்கி ரெண்டு மூணு வருசம் கழிச்சுத் திருப்பித் தர்றது. இதே ஃபிளாட்டுக்கு 8 லட்சம் லீசு கெடைச்சா 6.5 சதவீத வட்டிக்கு வருசம் 52,000 தான். வாடகைக்கு விட்டா வர்ற 1,54,000க்கு ஈடா இருக்கணும்னா கிட்டத்தட்ட 24 லட்சம் லீசு கெடைக்கணும், யாரும் தர மாட்டாங்க. லீசுக்காரங்க மெயின்டெனன்ஸ் அவங்களே கட்டிக்குவாங்க, அத சேத்தாலும் எட்டாது. அந்த 8 லட்சத்த வெச்சு எச்சு வட்டிக் கடன அடைக்கறவங்களுக்கு மட்டும் லீசு கொஞ்சம் அர்த்தமாகும்.

9. இன்கம் டாக்ஸ் கழிச்சதுக்கு அப்பறம் தான் நெட்டுங்களா?

வழக்கமா நெட் யீல்டுன்னா டாக்ஸுக்கு முன்னாடி. டாக்ஸ் ஆளாளுக்கு மாறும், வீட்ட வெச்சு சொல்ல முடியாது. ஆனா வாங்கறது நீங்க, அதனால உங்க ஸ்லாபுக்கு ஒரு தடவ போட்டுப் பாத்தர்றது நல்லது.

வாடகை வருமானத்துக்கு சட்டத்துல ஒரு வசதி இருக்குது. வாங்குன வாடகையில கட்டுன வீட்டு வரியக் கழிச்சு, மிச்சத்துல 30 சதவீதத்த எந்த பில்லும் காட்டாம கழிச்சுக்கலாம். நம்ம உதாரணத்துல 1,54,000ல வீட்டு வரி 4,800 போனா 1,49,200, அதுல 30 சதவீதம் 44,760 போனா 1,04,440க்கு டாக்ஸ். 20 சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு செஸ்ஸோட சுமார் 21,700. நெட்டு 1,03,000ல இத எடுத்தா 81,300 மிச்சம், 1.73 சதவீதம். 30 சதவீத ஸ்லாப்னா சரியா ஒன்றரை.

"30 சதவீதம் தான் கழிக்கறாங்களே, பெயின்டிங் பில்லும் காட்டலாமா"ன்னு சில பேரு கேக்கறாங்க. முடியாதுங்க, ரிப்பேர், பெயின்டிங், புரோக்கர் எல்லாம் அந்த 30க்குள்ளயே அடக்கம், நெசச் செலவு கம்மியா இருந்தாலும் 30, எச்சா இருந்தாலும் 30. எஃப்டி வட்டிக்கு இந்த 30 சதவீத கழிவு கெடையாது, அதனால ஒப்பிடும்போது ரெண்டுக்கும் டாக்ஸ் போட்டே ஒப்பிடுங்க. 6.5 சதவீத எஃப்டி 20 சதவீத ஸ்லாப்காரருக்கு டாக்ஸ் போக 5.1 கிட்ட நிக்கும்.

10. நான் லோன் போட்டுல்ல வாங்கறேன், ஈஎம்ஐய எங்கீங்க கழிக்கறது?

யீல்டுல கழிக்கக் கூடாதுங்க. யீல்டு வீட்டோட கணக்கு, லோன் உங்களோட கணக்கு. அதே வீட்ட ஒருத்தர் ரொக்கமா வாங்குனாலும் ஒருத்தர் கடன்ல வாங்குனாலும் வீடு சம்பாதிக்கறது ஒண்ணு தான். ஆனா ரெண்டாவதா தனியா ஒரு கணக்கு போட்டே ஆகணும்.

47ல 30 லட்சம் லோன், 8.5 சதவீத வட்டி, 20 வருசம்னு வெச்சா ஈஎம்ஐ மாசம் 26,000 சொச்சம். மொத வருசம் வட்டி மட்டுமே ரெண்டரை லட்சத்துக்கு மேல. வீடு குடுக்கற நெட்டு 1,03,000. அப்ப சொந்தப் பணம் 17 லட்சத்தையும் போட்டுட்டு, வருசத்துக்கு ஒன்றரை லட்சம் கைய விட்டு வட்டிக்கே போகுது, அசலுக்குக் கட்டறது அதுக்கு மேல. "வாடகையே ஈஎம்ஐய கட்டிரும்"னு சொல்றவங்க 14,000த்தையும் 26,000த்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாக்கறதில்ல போல. நெட் யீல்டு லோன் வட்டிய விடக் கம்மியா இருக்கற வரைக்கும் எவ்வளவு எச்சா கடன் வாங்கறீங்களோ அவ்வளவு எச்சா கைய கடிக்கும்.

வாடகைக்கு விட்ட வீட்டு லோன் வட்டிய வாடகை வருமானத்துல கழிச்சுக்கலாம், அதனால 9-ல சொன்ன டாக்ஸ் இல்லாம போகும். ஆனா புது டாக்ஸ் முறையில இருக்கீங்கன்னா வாடகைக்கு மேல வர்ற வட்டி நட்டத்த சம்பளத்துல கழிக்க முடியாது, இத சில பேரு ரிட்டர்ன் போடும்போது தான் தெரிஞ்சுக்கறாங்க.

11. ஃபிளாட்ட விடுங்க, திருப்பூர்ல லைன் வீடு 6 பர்சன்ட் குடுக்குதாம். அது நல்லதில்லீங்களா?

கிராஸ் 6 வரலாம், ஆமாங்க. மூணு சென்ட்ல நாலு வீடு இருக்கற ஒரு பழைய லைன், 36 லட்சம், வீட்டுக்கு 4,500 வீதம் மாசம் 18,000. வருசம் 2,16,000, கிராஸ் 6 சதவீதம். மேல சொன்ன மாதிரியே பத்திரச் செலவு, புரோக்கர், வக்கீல், ஓடு மாத்தி பாத்ரூம் கதவு போட்டு எல்லாம் சேத்து 41 லட்சம் ஆச்சுன்னு வெச்சுக்கங்க.

இங்க காலி மாசம் வேற மாதிரி வரும். பனியன் கம்பெனியில ஆர்டர் கொறைஞ்சா குடும்பத்தோட ஊருக்குப் போயிருவாங்க, தீபாவளி நோம்பிக்கு, பொங்கலுக்குப் போனவங்க சில பேரு திரும்பறதே இல்ல, பையன அனுப்பி சாமான எடுத்துட்டுப் போவாங்க. வீட்டுக்கு வருசம் ஒன்றரை மாசம் காலின்னா 27,000 போச்சு, வர்றது 1,89,000. நாலு குடும்பத்துக்கும் ஒரே போர், ஒரே மோட்டார், அந்த மோட்டார் கரண்ட் பில்லும் வெயில் காலத்துல லாரித் தண்ணியும் ஓனர் செலவு, 14,000. செப்டிக் டேங்க் எடுக்க 6,000, வீட்டு வரி 7,000, ரிப்பேர் 30,000, வாடகைய அட்வான்ஸுக்கு மேல பாக்கி வெச்சுட்டுப் போறதுல 6,000. நீங்க கோயமுத்தூர்ல இருந்துட்டு வாடகை வாங்க, மோட்டார் போட ஒரு ஆள் வெச்சா அவருக்கு மாசம் 1,000, வருசம் 12,000.

மொத்தச் செலவு 75,000, மிச்சம் 1,14,000, 41 லட்சத்தால வகுத்தா 2.78. ஃபிளாட்ட விட நல்லது தான், ஆனா கிராஸ்ல 2 சதவீதம் இருந்த வித்தியாசம் நெட்டுல 0.6 ஆ சுருங்கிருச்சு. அதே லைனுக்குப் பக்கத்து வீதியிலயே நீங்க குடியிருந்து மாசம் அஞ்சாந்தேதி நீங்களே போயி வாடகை வாங்கி, நீங்களே மோட்டார் பாத்துக்கிட்டா அந்த 12,000 மிச்சம், 3.07 வரும். அந்த மிச்சம் உங்க ஒழைப்புக்கு வந்த கூலின்னு தான் நான் சொல்லுவேன். லைன்ல நெலம் முழுசா உங்க பேர்ல இருக்கும், ஃபிளாட்ல பிரிக்காத பங்கு தான், அது வேற விசயம், யீல்டு நம்பர்ல அது வராது.

12. நாங்க 2012ல வாங்குனது, எல்லாம் சேத்து 25 லட்சம் தான் ஆச்சு. எங்களுக்கு 4 பர்சன்ட்டுக்கு மேல வருதே?

1,03,000த்த 25 லட்சத்தால வகுத்தா 4.12, கணக்கு சரி. ஆனா அது 2012ல எடுத்த முடிவு எப்படி இருந்துச்சுன்னு சொல்ற நம்பர். இன்னிக்கு வெச்சுக்கறதா விக்கறதான்னு முடிவு பண்ணணும்னா, இன்னிக்கு வித்தா புரோக்கர் போக, டாக்ஸ் ஏதாச்சும் வந்தா அதும் போக கையில எவ்வளவு நிக்கும்னு பாத்து அதால வகுக்கணும். 41.5 லட்சம் நின்னா யீல்டு 2.48 தான். அந்த 41.5 லட்சம் இப்ப அந்த வீட்டுக்குள்ள தான் கெடக்குதுங்க.

விக்கச் சொல்றேன்னு அர்த்தம் இல்ல. வாங்கறவருக்கு ரெஜிஸ்ட்ரேசன் செலவு கீழ் நம்பர்ல ஏறும், விக்கறவருக்கு ஏறாது, அதனால ஒரே வீடு வெச்சிருக்கறவருக்குக் கொஞ்சம் நல்லாவும் புதுசா வாங்கறவருக்குக் கொஞ்சம் மோசமாவும் தெரியும். இதுவே வித்துட்டு வேற வீடு மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ ரோசிக்க வெக்கணும்.

13. வாடகை கம்மின்னாலும் நெலத்து விலை ஏறுதுல்ல, அத ஏங்க சேக்க மாட்டேங்கறீங்க?

ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம், அதனால தான் தனியா வெக்கறேன். வாடகை மாசா மாசம் கைக்கு வந்து பாக்கற காசு, விலையேத்தம் விக்கற அன்னிக்குத் தான் தெரியும். ரெண்டையும் ஒண்ணா போட்டு "மொத்தம் 10 சதவீதம்"னு சொன்னா அதுல எது நெசம் எது ஆசைன்னு பிரிக்க முடியாது. பழைய ஃபிளாட்ல கட்டடம் வருசா வருசம் தேயும், ஏறறது உங்க பங்கு நெலத்துக்கு மட்டும், அதனால பத்திரத்துல பிரிக்காத பங்கு எத்தனை சதுர அடின்னு பாருங்க. 850 சதுர அடி வீட்டுக்கு 300 சதுர அடி பங்கும் இருக்கும், 450ம் இருக்கும், வாடகை ரெண்டுக்கும் ஒண்ணு தான்.

14. சரிங்க, எனக்கு நெட்டு 3 ஆச்சும் வரணும். இதே ஃபிளாட்ட எவ்வளவுக்குக் கேக்கலாம்?

பின்னாடி இருந்து வரணும். 1,03,000 வருமானம் 3 சதவீதம்னா மொத்தப் பணம் 34.33 லட்சம் தான் இருக்கலாம். அதுல விலை எவ்வளவா இருந்தாலும் மாறாத செலவு வக்கீல் 15,000, வேலை 65,000, ஆக 80,000 போக 33.53 லட்சம். விலையோட சேந்து ஏறறது பத்திரச் செலவு 9, புரோக்கர் 1, ஆக பத்து சதவீதம், அதனால 1.10 ஆல வகுத்தா 30.5 லட்சம் வருது. 42 சொல்ற வீட்ட முப்பதரைக்குக் கேட்டா காபி குடுத்து தாட்டி விட்ருவாங்க. அப்படின்னா மிச்சம் பதினொன்றரை லட்சத்த நீங்க வாடகைக்காகக் குடுக்கல, 13-ல சொன்ன விலையேத்தத்த நம்பிக் குடுக்கறீங்க. தெரிஞ்சு குடுத்தா தப்பில்லீங்க.

15. விக்கறவரு 14,000 வாடகைங்கறாரு, நெசமான்னு எப்படீங்க தெரிஞ்சுக்கறது?

வாடகை அக்ரிமென்ட் கேளுங்க, அதோட நிக்காதீங்க, வாடகை வந்த பேங்க் ஸ்டேட்மென்ட்ல ஒரு வருசத்துக்குக் காட்டச் சொல்லுங்க. பழைய ஈபி பில் ரெண்டு வருசத்துக்குக் கேளுங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுக்கறதால, யூனிட் 5, 0, 3ன்னு வந்த எடமெல்லாம் வீடு பூட்டிக் கெடந்த மாசம், காலி மாசக் கணக்கு உங்களுக்கு அதுலயே கெடைச்சிரும். வீட்டு வரி ரசீதும் கேளுங்க, பாக்கி இருந்தா வாங்குனதுக்கு அப்பறம் உங்க கிட்ட தான் வருவாங்க.

அப்பறம் அபார்ட்மென்டுக்கு சாயங்காலமா ஒருக்கா போங்க. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட எத்தனை வீடு காலி, போர் தண்ணி வெயில் காலத்துல வருமா, லாரி எத்தனை வரும்னு கேளுங்க. அசோசியேசன் செக்ரட்டரிகிட்ட இந்த ஃபிளாட்டுக்கு மெயின்டெனன்ஸ் பாக்கி இருக்கா, லிஃப்ட் மாத்தறது, மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃப் மாதிரி பெரிய வேலை ஏதும் பேச்சுல இருக்கான்னு கேட்டர்ணும், அப்படி ஒரு வேலைக்கு வீட்டுக்கு 40,000 போட்டாங்கன்னா நம்ம கணக்குல அஞ்சு மாச நெட்டு காலி. இதே மாடல் ஃபிளாட்ல குடியிருக்கற டெனன்ட் ரெண்டு பேரு எவ்வளவு குடுக்கறாங்கன்னு கேட்டா, விக்கறவர் சொன்ன 14,000 இன்னிக்கு வாடகையா இல்ல அடுத்து வெக்கலாம்னு நெனைக்கற வாடகையான்னு தெரிஞ்சிரும்.